அன்றாட வேலைப் பட்டியலைச் சாதனை வரிகளாக மாற்றுவது எப்படி: ஒரு கிடங்கு ஊழியரின் ரெஸ்யூமை வைத்து ஒரு செய்முறை

வேலைக்குச் சேர்ந்த நாளில் மேலாளர் சொல்லும் பணிப் பட்டியலைத்தான் பலரும் அப்படியே ரெஸ்யூமில் இறக்கிவைக்கிறார்கள். சரக்கு இறக்குவது, எண்ணுவது, பதிவது, அனுப்புவது. அந்தப் பதவியில் முன்பு இருந்தவரும் இதே வரிகளைத்தான் எழுதியிருப்பார். அக்கறையாக வேலை பார்த்தவரும் எழுதலாம், ஏனோதானோ என்று பார்த்தவரும் எழுதலாம். ஆள் எடுப்பவருக்கு இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. சாதனை வரி என்பது அந்த வித்தியாசத்தை எழுத்தில் கொண்டுவருவது. நீங்கள் அந்த வேலையைப் பார்த்ததால் என்ன மாறியது, எவ்வளவு மாறியது, அது மாற நீங்கள் செய்தது என்ன என்ற மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. கூகுளின் மனிதவளத் துறைக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக், 2014இல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார்: எதைச் சாதித்தீர்கள், அதை எந்த அளவு காட்டுகிறது, எதைச் செய்து சாதித்தீர்கள். சூத்திரம் எளிது. அதை நிரப்ப உட்காரும்போதுதான் சிக்கல் வருகிறது. "எனக்கு விற்பனை இலக்கு எதுவும் கிடையாது, நான் எந்த எண்ணைப் போடுவது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் இலக்கே இல்லாத ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை செய்து பார்ப்போம்.

நம் எடுத்துக்காட்டில் வருபவர் ஒரு மொத்த விநியோக நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் மூன்று ஆண்டு ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அவருடைய ரெஸ்யூமில் இப்போது இருப்பது இவ்வளவுதான்:

- சரக்கு வரவு செலவுகளைப் பதிவு செய்தல்
- மாதந்தோறும் ஸ்டாக் எண்ணுதல்
- ஆர்டர்களை எடுத்து, பேக் செய்து அனுப்புதல்
- சப்ளையர்களுடன் தொடர்பில் இருத்தல்
- புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தல்

முதலில் எழுத வேண்டாம், பேசுங்கள்

ஒவ்வொரு பணியையும் தனித்தாளில் எழுதி, அதன் கீழ் மூன்று கேள்விகளுக்குப் பேச்சு நடையிலேயே பதில் எழுதுங்கள். நான் வருவதற்கு முன்னால் இது எப்படி நடந்தது? நான் எதை வேறு மாதிரி செய்தேன்? அதற்கப்புறம் யாருக்கு என்ன மிச்சமானது? நேரமா, பொருளா, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையா, வாடிக்கையாளர் புகாரா?

ரெஸ்யூம் நடையில் யோசிக்கத் தொடங்கினால் "திறம்பட", "சிறப்பான முறையில்" போன்ற சொற்கள் முன்னால் வந்து நின்றுகொள்ளும், விஷயம் பின்னால் மறைந்துவிடும். அதனால் இந்தக் கட்டத்தில் நண்பரிடம் சொல்வது போல எழுதுவதே நல்லது. நம் ஸ்டோர் கீப்பர் இரண்டாவது பணிக்கு இப்படி எழுதுகிறார்:

"முன்னாடி எல்லாம் மாதக் கடைசியில ரெண்டு நாள் அனுப்புறதை நிறுத்திட்டு மொத்த ஸ்டாக்கையும் எண்ணுவோம். எல்லாரும் களைச்சுப்போய் எண்ணுவாங்க, தப்பு வரும். தப்பு எந்த நாள்ல நடந்ததுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. நான் தினம் கொஞ்சம் கொஞ்சமா எண்ண ஆரம்பிச்சேன். வேகமா போற சரக்கை மாதம் ஒரு தடவை, மத்ததை மூணு மாதத்துக்கு ஒரு தடவை. அப்புறம் மாதக் கடைசி அடைப்பே தேவைப்படலை."

ரெஸ்யூமில் "மாதந்தோறும் ஸ்டாக் எண்ணுதல்" என்று மூன்று சொல்லில் முடிந்துபோனதன் உள்ளே இவ்வளவு இருந்திருக்கிறது. கிடங்குத் துறையில் இதைச் சுழற்சி எண்ணிக்கை என்பார்கள். எண்ணிக்கையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து நாள்தோறும் செய்யும்போது, தவறு நடந்த சில நாட்களிலேயே அது கண்ணில் படும், காரணத்தையும் பிடித்துவிடலாம். அவர் அந்தப் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் இருந்திருக்கலாம். செய்தது அதுதான் என்பதால், ரெஸ்யூமில் அந்தப் பெயரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வேலை விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தால், விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளும் அதைத் தேடும்.

மூன்று கேள்விகளுக்கும் பதில் வராத பணிகளும் இருக்கும். முதல் பணியான வரவு செலவுப் பதிவை இவர் முன்பிருந்தவர் போலவேதான் செய்திருக்கிறார். அதைச் சாதனையாக்கப் போராட வேண்டியதில்லை. அதை எங்கே வைப்பது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எண்ணைத் தேடுவது

பெரும்பாலானோர் கைவிடும் இடம் இதுதான். நினைவிலிருந்து எண்ணைத் தோண்டி எடுக்க முயல்கிறார்கள், வரவில்லை, விட்டுவிடுகிறார்கள். எண்கள் ஏட்டில்தான் இருக்கும், நினைவில் தேடிப் பயனில்லை. வேலையில் இருக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொள்வது மிகச் சுலபம். ஸ்டாக் மென்பொருளின் மாத அறிக்கை, எண்ணிக்கைத் தாள்கள், ரிட்டர்ன் பதிவேடு, சப்ளையர் அனுப்பிய கிரெடிட் நோட்டுகள், மேலாளருக்கு அனுப்பிய மாதாந்தர மின்னஞ்சல், உங்கள் ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் எல்லாவற்றிலும் எண் உண்டு. ஒரு எச்சரிக்கை: நிறுவனத்தின் கோப்புகளை வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். உங்களுக்கு வேண்டியது உங்கள் வேலையின் அளவு மட்டுமே. விற்றுமுதல், வாடிக்கையாளர் பெயர், கொள்முதல் விலை போன்றவை ரெஸ்யூமில் வரவே கூடாது. படிப்பவர், "நாளை நம்முடைய விவரங்களையும் இப்படித்தான் வெளியே சொல்வார்" என்று நினைத்துவிடுவார்.

நம் ஸ்டோர் கீப்பருக்குக் கிடைத்தவை இவை. கிடங்கில் 1,200 வகைப் பொருட்கள். பழைய முறையில் நடந்த கடைசி முழு எண்ணிக்கையில் 132 பொருட்களின் கையிருப்பு பதிவோடு ஒத்துப்போகவில்லை. புதிய முறை தொடங்கி எட்டு மாதம் கழித்து வந்த தணிக்கையில் 300 பொருட்களை எடுத்துச் சரிபார்த்தார்கள். 9 மட்டும் ஒத்துப்போகவில்லை.

இதைச் சதவீதமாக்கலாம். 1,200இல் 132 என்றால் 11 சதவீதம் பிசகு, அதாவது 89 சதவீதம் சரி. 300இல் 9 என்றால் 3 சதவீதம் பிசகு, 97 சதவீதம் சரி. இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. 89 என்பது 97 ஆனதை "8 சதவீதம் உயர்த்தினேன்" என்று எழுதுவார்கள். அது கணக்குப்படி தவறு. உயர்ந்தது 8 சதவீதப் புள்ளிகள். இன்னொருவர் பிசகு 11இலிருந்து 3 ஆனதைப் பிடித்துக்கொண்டு "பிழைகளை 73 சதவீதம் குறைத்தேன்" என்பார். அது கணக்குப்படி சரிதான், ஆனால் தொடக்கம் எங்கே என்று தெரியாமல் படிப்பவர் எதையும் எடைபோட முடியாது. என் கருத்தில் மிக நேர்மையானதும் மிக வலுவானதும் இரு முனைகளையும் எழுதுவதுதான்: "89 சதவீதத்திலிருந்து 97 சதவீதமாக". யாரும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை, நீங்களும் மழுப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது பணி, ஆர்டர் அனுப்புவது, இன்னொரு பாடத்தைத் தருகிறது. இவர் சேர்ந்தபோது மாதம் சுமார் 1,000 ஆர்டர்கள் போயின. தவறான பொருள் வந்துவிட்டது என்று மாதம் 20 புகார் வந்தது. இப்போது மாதம் சுமார் 1,500 ஆர்டர்கள், புகார் 9. "புகார்களை 20இலிருந்து 9 ஆகக் குறைத்தேன்" என்று எழுதினால் அவருக்கு அவரே குறைத்து மதிப்பிட்டுக்கொள்கிறார். வேலை ஒன்றரை மடங்காகியிருக்கிறதே! ஆயிரம் ஆர்டருக்கு இத்தனை என்று வகுத்துப் பாருங்கள்: அன்று 20, இன்று 6. வேலையின் அளவு மாறிக்கொண்டிருக்கும் இடங்களில் மொத்த எண்ணிக்கையை விட விகிதம்தான் உண்மையைச் சொல்லும். எதிர்ப்பக்கமும் உண்டு. வேலை பாதியாகக் குறைந்ததால் புகாரும் பாதியானது என்றால் அது சாதனையே இல்லை. விகிதம் போட்டுப் பார்த்தாலே அது வெளியே வந்துவிடும்.

பழைய அளவு எங்கும் எழுதப்படவில்லை என்றால்? இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வழக்கமான சில வாரங்களை எடுத்து எண்ணிப் பார்ப்பது. பரபரப்பான வாரத்தையும் மந்தமான வாரத்தையும் விட்டுவிட்டு, நடுத்தரமான வாரங்களின் சராசரியைக் கொஞ்சம் கீழே இறக்கி, "சுமார்" என்று போட்டு எழுதலாம். மதிப்பீடு என்பது பொய் அல்ல. எப்படி மதிப்பிட்டீர்கள் என்று கேட்டால் சொல்ல முடிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது வழி, முன்-பின் ஒப்பீட்டை விட்டுவிட்டு, கிடைத்த பலனை மட்டும் எண்ணுவது.

நான்காவது பணியில் இந்த இரண்டாவது வழிதான் உதவுகிறது. "சப்ளையர்களுடன் தொடர்பில் இருத்தல்" என்பதன் உள்ளே இருந்தது இது: முன்பு லாரி வந்ததும் சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். குறைவு இருந்தால் சப்ளையர் ஒப்புக்கொள்ள மாட்டார். இவர் கையெழுத்துக்கு முன்பே சில பெட்டிகளைத் திறந்து எண்ணி, குறைவையும் சேதத்தையும் சலானிலேயே எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். முன்பு எவ்வளவு நஷ்டமானது என்பதற்குப் பதிவே இல்லை. ஆனால் இவருடைய பதிவேட்டில் 14 மாதங்களில் 46 குறைபாடுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. 41க்கு மாற்றுச் சரக்கோ கிரெடிட் நோட்டோ வந்திருக்கிறது. 46இல் 41. தொடக்க அளவு இல்லாமலே இது பேசுகிற எண்.

ஐந்தாவது பணியில் ஒரு எண்ணைக் கைவிட வேண்டியிருக்கிறது. புதிதாக வந்த நான்கு பேருக்கு இவர் வேலை கற்றுக்கொடுத்தார். அலமாரி வரைபடத்தோடு ஒரு பக்கக் குறிப்பும் தயாரித்தார். அதனால் அவர்கள் சீக்கிரமே தனியாக வேலை செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்பது இவருடைய எண்ணம். மூன்று வாரம் பிடித்தது இரண்டு வாரம் ஆனது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அதற்கு ஏடும் இல்லை, எண்ணிப் பார்த்ததும் இல்லை. நான்கு பேர் என்பது உறுதி, குறிப்பு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் உறுதி. அந்த இரண்டையும் மட்டும் வைத்துக்கொள்வோம். உறுதியான சிறிய எண், ஊகமான பெரிய எண்ணைவிட நேர்காணலில் உங்களை நன்றாகத் தாங்கிப் பிடிக்கும்.

வினைச்சொல்: உங்கள் கை செய்தது என்ன?

வலுவான வினைச்சொற்களின் நீண்ட பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து கம்பீரமாகத் தெரிவதைப் பொறுக்கிப் போடுவதுதான் பலரும் செய்வது. அதில்தான் வரி கெடுகிறது. வினைச்சொல் வலுவாக இருப்பது அது துல்லியமாக இருப்பதால்தான். படிப்பவருக்கு உங்களை அந்தச் செயலில் பார்க்க முடிய வேண்டும்.

முதலில் வெளியேற்ற வேண்டியவை சில உண்டு. "பொறுப்பு வகித்தேன்" என்பது நாற்காலியைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. "பணியில் ஈடுபட்டேன்", "மேற்கொண்டேன்", "உறுதுணையாக இருந்தேன்" எல்லாம் எதையும் செய்யாமலே சொல்லக்கூடியவை. "பிழைகள் குறைக்கப்பட்டன" என்று செயப்பாட்டில் எழுதினால் குறைத்தது யார் என்பதே போய்விடுகிறது. பணிப் பட்டியல்களில் வரும் "பதிவு செய்தல், எண்ணுதல், அனுப்புதல்" என்ற வடிவத்துக்கும் இதே குறைதான். அதில் ஆளும் இல்லை, காலமும் இல்லை. "எண்ணுதல்" என்பது "எண்ணினேன்" ஆகும்போதே ஒரு மனிதர் உள்ளே வந்துவிடுகிறார். தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுவதால் "நான்" என்று தனியாகப் போட வேண்டியதில்லை.

பிறகு, உங்கள் பங்கு எந்த வகை என்று பாருங்கள். இல்லாத ஒன்றை உருவாக்கினீர்களா? அப்படியானால் தொடங்கினேன், வடிவமைத்தேன், அறிமுகப்படுத்தினேன். இருந்ததைச் சீர்படுத்தினீர்களா? மாற்றியமைத்தேன், குறைத்தேன், உயர்த்தினேன், எளிமையாக்கினேன். ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவந்தீர்களா? கண்டுபிடித்தேன், சரிபார்த்தேன், மீட்டேன். மற்றவர் மூலம் நடத்தினீர்களா? பயிற்றுவித்தேன், ஒருங்கிணைத்தேன், வழிநடத்தினேன். இந்தக் கடைசி வகையில்தான் மிகவும் கவனம் தேவை. இருவர் மட்டும் வேலை செய்த கிடங்கில், இருவரும் சமமாக இருந்தபோது, "வழிநடத்தினேன்" என்று எழுதக் கூடாது. "இருவர் குழுவில்" என்று எழுதுவதால் எதுவும் குறையாது. அந்தச் சிறு குறிப்பு மற்ற வரிகளின் மேலும் நம்பிக்கையை ஏற்படுத்தும்.

ஆங்கிலத்தில் ரெஸ்யூம் எழுதுகிறீர்கள் என்றால் வினைச்சொல் வரியின் தலையில் வரும். அவசரமாகப் படிப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். தமிழில் அது வரியின் வாலில் வரும். ஆகவே தமிழ் வரியில் முதலில் கண்ணில் படுவது எது என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும். செயல்முறையை முன்னால் வைத்து, எண்ணையும் வினையையும் பக்கத்தில் பக்கத்தில் முடிவில் வைத்தால் வரி திடமாக நிற்கும். வரி நீண்டுபோய் இரண்டு வரிகளைத் தாண்டிவிட்டால், படிப்பவர் வினைக்குப் போய்ச் சேரமாட்டார். அங்கே வெட்ட வேண்டியதுதான். காலத்தில் எந்தக் குழப்பமும் வேண்டாம்: முடிந்த வேலைகளுக்கு இறந்தகாலம், இன்னும் பார்க்கும் வேலையின் அன்றாடப் பணிகளுக்கு நிகழ்காலம்.

மூன்றையும் சேர்ப்பது

ஸ்டாக் எண்ணிக்கையில் நம்மிடம் இப்போது செயல் இருக்கிறது, எண் இருக்கிறது, வினை இருக்கிறது. முதல் முயற்சி இப்படி வரும்:

"சுழற்சி எண்ணிக்கை முறையை வெற்றிகரமாக அறிமுகப்படுத்தி, செயல்படுத்தி, ஸ்டாக் துல்லியத்தைக் கணிசமாக மேம்படுத்தி, மாதாந்தர அடைப்பை நீக்கி, நிறுவனத்தின் செயல்திறனை உயர்த்தினேன்."

வினைகள் ஐந்து, எண் ஒன்றுகூட இல்லை. "வெற்றிகரமாக", "கணிசமாக" இரண்டும் எண் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நிறுவனத்தின் செயல்திறன் ஒரு ஸ்டோர் கீப்பரின் கைக்குள் அடங்குகிற விஷயமும் அல்ல. வெட்டிச் சீர்செய்தால்:

"மாதக் கடைசி முழு எண்ணிக்கைக்குப் பதிலாகத் தினசரி சுழற்சி எண்ணிக்கையைத் தொடங்கி, பதிவோடு ஒத்துப்போகும் கையிருப்பை 8 மாதங்களில் 89 சதவீதத்திலிருந்து 97 சதவீதமாக உயர்த்தினேன்."

இதே வேலைக்கு இன்னொரு பலனும் இருக்கிறது, கவனித்தீர்களா? மாதம் இரண்டு நாள் அனுப்புதல் நின்றுபோனது இல்லாமல் போயிருக்கிறது. அதையும் இதே வரியில் திணிக்க வேண்டாம். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஸ்டாக் கட்டுப்பாடு, தணிக்கை சார்ந்த பதவி என்றால் மேலே உள்ள வரி. அனுப்புதலை மேற்பார்வை செய்யும் பதவி என்றால், "தினசரி சுழற்சி எண்ணிக்கையைத் தொடங்கி, ஒவ்வொரு மாதமும் அனுப்புதல் 2 நாள் நின்றுபோவதைத் தவிர்த்தேன்" என்பதுதான் அந்த ஆளின் காதில் விழும். வேலை ஒன்றுதான், படிப்பவருக்கு எது வலிக்கிறதோ அந்தப் பலனை முன்னால் வையுங்கள்.

ஆர்டர் வரியில் ஒரு நேர்மைச் சிக்கல் வருகிறது. புகார் குறைந்ததற்கு இவர் மட்டும் காரணமில்லை. ஒரே மாதிரி தோற்றமுள்ள பொதிகள் அடுத்தடுத்த தட்டில் இருந்ததால்தான் அதிகம் மாறிப்போகின்றன என்று ரிட்டர்ன் பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் இவர். அவற்றைப் பிரித்து வைத்து, பெரிய லேபிள் ஒட்டியவரும் இவரே. ஆனால் அதே காலத்தில் நிறுவனம் பேக்கிங் மேசைக்குப் பார்கோடு ஸ்கேனரும் வாங்கியது. ஆயிரத்துக்கு 20 என்பது 6 ஆனதில் ஸ்கேனரின் பங்கு எவ்வளவு, இவருடைய பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. ஸ்கேனரை மறைத்து எழுதினால், அதே துறையில் அனுபவமுள்ள நேர்காணலாளர் முதல் கேள்வியிலேயே அதைப் பிடித்துவிடுவார். எழுத வேண்டியது இப்படி:

"மாறிப்போகும் பொருட்களை ரிட்டர்ன் பதிவேட்டிலிருந்து கண்டறிந்து இடம் மாற்றியும், புதிய ஸ்கேனர் சரிபார்ப்பைப் பேக்கிங்கில் நடைமுறைப்படுத்தியும், தவறான அனுப்புதலை ஆயிரம் ஆர்டருக்கு 20இலிருந்து 6 ஆகக் குறைத்தேன்."

ஸ்கேனரை வாங்கியவர் அவர் என்று இந்த வரி சொல்லவில்லை. அதைத் தினசரிப் பழக்கமாக்கியவர் என்கிறது. அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதலாம். அதையும் இன்னொருவர்தான் செய்தார் என்றால், வரியை இன்னும் சுருக்கி இடமாற்றத்தோடு நிறுத்திக்கொண்டு, புகார் எண்ணைக் "குழுவாக" என்ற சொல்லோடு சேர்க்க வேண்டும்.

மற்ற இரண்டும் சுலபமாக வந்துவிடும். முதல் பணி, அதாவது வரவு செலவுப் பதிவு, சாதனை வரியாகாது; ஆனால் அது வேலையின் பரப்பைக் காட்டும். அதை நிறுவனத்தின் பெயருக்கு அடியில், புள்ளிகள் தொடங்கும் முன், ஒரே ஒரு அறிமுக வரியாக வைத்துவிடலாம். எவ்வளவு பெரிய கிடங்கு என்று தெரியாமல் 97 சதவீதம் என்பதன் கனம் படிப்பவருக்கு விளங்காது. முழுப் பகுதியும் இப்போது:

*1,200 வகைப் பொருட்களும் மாதம் சுமார் 1,500 ஆர்டர்களும் உள்ள கிடங்கில், இருவர் குழுவில் சரக்கு வரவு, பதிவு, இருப்பு, அனுப்புதல் ஆகியவற்றைக் கவனித்தேன்.*

- மாதக் கடைசி முழு எண்ணிக்கைக்குப் பதிலாகத் தினசரி சுழற்சி எண்ணிக்கையைத் தொடங்கி, பதிவோடு ஒத்துப்போகும் கையிருப்பை 8 மாதங்களில் 89 சதவீதத்திலிருந்து 97 சதவீதமாக உயர்த்தினேன்.
- மாறிப்போகும் பொருட்களை ரிட்டர்ன் பதிவேட்டிலிருந்து கண்டறிந்து இடம் மாற்றியும், புதிய ஸ்கேனர் சரிபார்ப்பைப் பேக்கிங்கில் நடைமுறைப்படுத்தியும், தவறான அனுப்புதலை ஆயிரம் ஆர்டருக்கு 20இலிருந்து 6 ஆகக் குறைத்தேன்.
- சலானில் கையெழுத்திடும் முன்பே சரக்கைத் திறந்து எண்ணும் வழக்கத்தைக் கொண்டுவந்து, 14 மாதங்களில் கண்டறிந்த 46 குறைபாடுகளில் 41க்குச் சப்ளையர்களிடமிருந்து ஈடு பெற்றேன்.
- அலமாரி வரைபடத்துடன் ஒரு பக்க வேலைக் குறிப்பைத் தயாரித்து, 4 புதிய ஊழியர்களைப் பயிற்றுவித்தேன். குறிப்பு இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஐந்து பணிகள் ஒரு அறிமுக வரியும் நான்கு சாதனை வரிகளுமாகிவிட்டன. ஒரு வேலைக்கு மூன்று முதல் ஐந்து வரிகள் போதும். பத்து வரி எழுதினால் கடைசி ஐந்தின் பலவீனம் முதல் ஐந்தையும் கீழே இழுத்துவிடும். பத்து ஆண்டுக்கு முந்தைய வேலைக்கு ஒன்றிரண்டு வரியே தாராளம்.

எதுவுமே கூடவில்லை, குறையவில்லை என்றால்

சில வேலைகளின் நோக்கமே எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது. சம்பளப் பட்டுவாடா, வரவேற்பு மேசை, பராமரிப்பு, பதிவேடு காப்பு. இங்கே முன்-பின் ஒப்பீட்டைத் தேடி அலைவது வீண். சுமை கூடியும் தரம் கெடவில்லையா என்று பாருங்கள். 80 பேருக்குச் சம்பளக் கணக்குப் போட்டவர் 130 பேருக்கும் அதே தேதியில் போட்டிருக்கிறார் என்றால், "ஊழியர் எண்ணிக்கை 80இலிருந்து 130 ஆன காலத்திலும் 24 மாதச் சம்பளத்தையும் உரிய தேதியில் வழங்கினேன்" என்பது முழுமையான சாதனை வரி. கெடு தவறாதது, தணிக்கையில் ஆட்சேபம் வராதது, ஆள் விடுப்பில் இருந்தபோதும் வேலை நிற்காதது ஆகியவற்றையும் எண்ண முடியும்.

பயிற்சிப் பணியோ பகுதிநேர வேலையோ மட்டும் பார்த்தவர்களுக்கு எண்கள் சின்னதாகத்தான் இருக்கும். அதைச் சதவீதத்தில் ஒளிக்க வேண்டாம். 2 பேர் 4 பேரானதை "100 சதவீத வளர்ச்சி" என்று எழுதினால் படிப்பவர் எரிச்சலடைவார். "2இலிருந்து 4" என்றே எழுதுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

உங்கள் வேலையைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் ரெஸ்யூமைக் கொடுத்து, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது? இதில் உங்கள் கை எது, மற்றவர் கை எது? செய்யும்போது எது தடையாக இருந்தது? நான்குக்கும் யோசிக்காமல் பதில் வந்தால் அந்த வரி நேர்காணலுக்குத் தயார். முதல் கேள்வியில் தடுமாறினால் எண்ணுக்கு முன்னால் "சுமார்" சேருங்கள், அல்லது எண்ணை எடுத்துவிடுங்கள். மூன்றாவதில் தடுமாறினால் வினைச்சொல்லைக் கீழே இறக்குங்கள். நான்காவதுக்குப் பதிலே இல்லை என்றால், பெரும்பாலும் அந்த வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். வரியை வேறு ஏதாவதற்கு விட்டுக்கொடுக்கலாம். அளவுக்கு மீறிய துல்லியத்தையும் அவர் பார்க்கட்டும். 72.73 சதவீதம் என்று எழுதினால் யாரும் கூடுதலாக நம்ப மாட்டார்கள், கால்குலேட்டர்தான் தெரியும்.

இப்போது வேலையில் இருப்பவர்கள் ஒரு சிறு நோட்டை இன்றே தொடங்கலாம். மாதம் ஒரு முறை நான்கு விவரங்கள் போதும்: இந்த மாதம் என் கையால் போன வேலையின் அளவு, வந்த பிழை அல்லது புகார், நான் மாற்றிய ஒரு விஷயம், அதை மாற்றிய தேதி. கடைசியில் உள்ள தேதியைத்தான் எல்லோரும் எழுத மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் எது முன், எது பின் என்று பிரிக்க வழி இருக்காது, நம் ஸ்டோர் கீப்பரின் 8 மாதக் கணக்கும் கிடைத்திருக்காது.